இரண்டு முக்காற்புள்ளிகளுக்கு நடுவே

திங்கட்கிழமை காலை ஆவடியில் ரயில் ஏறும்போதே எனக்கு நிலைகொள்ளவில்லை. உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. கதவோரம் நின்றுகொண்டு போனை எடுப்பதும் பைக்குள் போடுவதுமாக இருந்தேன். அண்ணனூர் வருவதற்குள் நாலு தடவை ஆகிவிட்டது. பக்கத்தில் நின்ற பூக்காரம்மா, "யாருக்குமா வெயிட் பண்ற?" என்றே கேட்டுவிட்டார். யாருக்குமில்லை. மதியம் மூன்று மணிக்காகத்தான்.

மூன்று மணிக்கு எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வாடிக்கையாளர் வருகிறார். பூந்தமல்லிப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் மருந்தகப் பிரிவு முழுவதையும் பார்த்துக்கொள்ளும் ஹேமாவதி மேடம். நாங்கள் செய்யும் பில்லிங் மென்பொருளை அவர்களுடைய ஐந்து கிளைகளுக்கும் எடுக்கலாமா என்று பார்க்கிறார்கள். எடுத்தால், அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் எல்லாவற்றுக்கும் பொறுப்பான ஆள் நான். அருள்செல்வி, சேக்காடு. ஐந்து வருட வேலையில் முதல்முறையாக ஒரு பொறுப்பு என் பெயருக்கு வருகிறது. அதுவும் கூட வேலை பார்க்கும் ஜெகன் வேறு புராஜெக்டுக்குப் போவதால் வருகிறது. பரவாயில்லை, வருகிறதே.

மேடம் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். இதுவரை மென்பொருள் எப்போதெல்லாம் படுத்தது, நாங்கள் எப்படி எழுப்பினோம் என்பதை அவர் பார்க்க வேண்டும். அதனால் எங்கள் சாட் செயலியில் இருக்கும் 'பிரச்சினைகள்' சேனலுக்குள் அவரை விருந்தினராகச் சேர்க்கப் போகிறோம். உள்ளே வந்துவிட்டால் பழைய செய்தி எல்லாவற்றையும் மேலே தள்ளித் தள்ளிப் படிக்கலாம்.

அந்தச் சேனல் முழுக்க நான் அழுதுகொண்டிருக்கிறேன். என்னை ரயிலில் உட்காரவிடாதது அதுதான்.

விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாட்டில் எழுதும் பெட்டியில் ஒரு முக்காற்புள்ளி வைத்து, ஒரு பெயர் அடித்து, இன்னொரு முக்காற்புள்ளி வைத்தால் எழுத்து போய்ப் படம் வந்துவிடும். :fire: என்றால் நெருப்பு, :pray: என்றால் கும்பிட்ட கை. இவை எல்லா இடத்திலும் இருப்பவை. இவை போதாதென்று ஒவ்வோர் அலுவலகமும் தனக்கென்று படம் ஏற்றி, அதற்கு ஒரு பெயரும் வைத்துக்கொள்ளலாம். எங்கள் அலுவலகத்தில் அப்படி ஏற்றியதில் அதிகம் ஓடுகிற படம் :arul-cry:. கண் சிவந்து, மூக்கு ஒழுகி, கீழுதடு பிதுங்கிய என் முகம். உபயம், ஜெகன்.

நான் அழவில்லை. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு நாள், மதியம் மீட்டிங் போட்டார்கள். கேமராவைத் திறந்துவைக்கச் சொன்னார்கள். நான் மடியில் முறத்தை வைத்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முறம் கேமராவில் தெரியவில்லை, முகம்தான் தெரிந்தது. என் கெட்ட நேரம், அதே நிமிடத்தில் அன்றைய ரிலீஸ், அதாவது மென்பொருளின் புதுப் பதிப்பு, புட்டுக்கொண்டது. ஜெகன் பட்டென்று திரையைப் படம் பிடித்து, என் தலையை மட்டும் வெட்டி ஏற்றிவிட்டான். 'வெங்காயம்டா' என்று சொன்னேன். சினிமாவில் அழுகிற எல்லா அம்மாக்களும் சொல்வது அதைத்தானே, யார் நம்புவார்கள்?

நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் 'ஜோக் புரியாதவ' என்று இன்னொரு பட்டம் கட்டுவார்கள். ஆனால் அந்தப் படம் சும்மா இருக்கவில்லை. சர்வர் விழுந்தால் :arul-cry:, மின்சாரம் போனால் :arul-cry:, கேன்டீனில் தக்காளிச் சாதம் தீர்ந்தால்கூட :arul-cry:. அடிக்கடி போடுவதைச் செயலி முதலில் காட்டும் என்பதால், :ar என்று அடித்தாலே பட்டியலின் தலையில் நான்தான். :arrow என்று அம்புக்குறி போட நினைத்தவர்கள்கூட அவசரத்தில் என்டரைத் தட்டி என்னைப் போட்டார்கள். வெறும் படத்தை மட்டும் போட்டால் செயலி அதைப் பெரிதாக வேறு காட்டும். போன வருடம் ரிலீஸ் பொறுப்பை யாருக்குத் தருவது என்ற பேச்சு வந்தபோது மேனேஜர் கிருபாகரன் சார் சொன்னது, "அருள் நல்லா வேலை பாப்பா, ஆனா பிரஷர் தாங்க மாட்டா, அழுதுருவா." என் எதிரிலேயே சொன்னார். நான் அவர் எதிரில் ஒரு நாளும் அழுததில்லை. அந்தப் பொறுப்பு ஜெகனுக்குப் போயிற்று.

இந்த நிலையில், என்னை நம்பி ஐந்து மருந்தகங்களைக் கொடுக்கப் போகிற அம்மா உள்ளே வந்து மேலே தள்ளிப் பார்த்தால் என்ன நினைப்பார்? படத்தின்மேல் மவுஸ் சுட்டியை வைத்தால் பெயரும் வரும்.

அம்பத்தூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் பையைக்கூட வைக்காமல் நேராக ஜெகனிடம் போனேன். ஏற்றியவன் அழிக்கலாம், இல்லையென்றால் அட்மின் அழிக்கலாம். ஏற்றியவனிடமே கேட்பதுதான் மரியாதை என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

"இன்னா அருளு, காத்தாலயே சூடா கீற?" என்றான் ஜெகன். வாயில் பாதி வடை.

"என் படத்த எடுத்துடு ஜெகன். மதியம் மேடம் வராங்க."

"அதுவா? அது நம்ம ஆபீஸ் சொத்துமே. அத்த எட்தா சேனலே டல்லாய்டும்."

"விளையாடாத. நெஜமா கேக்கறேன்."

என் முகத்தைப் பார்த்தான். கெட்டவன் இல்லை ஜெகன், எதையும் யோசிக்காதவன். எண்ணெய்க் கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு, செயலியின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினான். நிச்சயமா என்று அது கேட்டது. ஆமாம் என்றான். "போய்ச்சி. கண்ணத் தொட்ச்சிக்க."

நன்றி என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்து சேனலைத் திறந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தது. படங்கள் போய்விட்டன. ஆனால் படம் இருந்த ஒவ்வோர் இடத்திலும் அதன் பெயர் எழுத்தாக நின்றது. 'சர்வர் அவுட் :arul-cry:'. 'பில் பிரிண்ட் ஆகலை :arul-cry: :arul-cry:'. செய்திகளின் அடியில் எதிர்வினையாகப் போட்டிருந்த இடங்களிலும் அதே எழுத்து, பக்கத்தில் எத்தனை பேர் போட்டார்கள் என்ற எண்ணிக்கை. முன்பாவது யாரோ ஒரு பெண் அழுகிறாள் என்று மேடம் தாண்டிப் போயிருப்பார். இப்போது அருள் அழுகிறாள் என்று பெயர் போட்டுப் பக்கம் பக்கமாக எழுதி ஒட்டியாகிவிட்டது.

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். போன மாதம் ஜெகன் ரிலீஸ் குறிப்பை மார்க்டவுன் என்ற எழுத்து வடிவத்தில் வேறொரு பக்கத்தில் எழுதும்போது சாட்டிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டியிருந்தான். அந்தப் பக்கத்தில் :tada: கொண்டாட்டப் படமாக மாறியது. அது எல்லோருக்கும் பொதுவான பெயர். :arul-cry: மாறாமல் எழுத்தாகவே நின்றது, ஏனென்றால் என் முகம் சாட்டுக்குள் மட்டும்தான் இருக்கிறது, அந்தப் பக்கத்துக்கு என்னைத் தெரியாது. நான்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். படம் இல்லாத இடத்தில் பெயர் மிஞ்சும் என்பதைக் கண்ணால் பார்த்திருந்தும், பதற்றத்தில் மறந்து தொலைத்தேன்.

கீழ்த்தளத்துக்கு ஓடினேன். அங்கே ரியா இருக்கிறாள், செயலிக்கு அட்மின். திருநின்றவூரிலிருந்து வருகிற பெண், எனக்கு இரண்டு வருடம் ஜூனியர்.

"ரியா, அந்தச் செய்தியையெல்லாம் திருத்த முடியுமா?"

"அடுத்தவங்க எழுதினத நான் திருத்த முடியாதுக்கா. டெலீட் வேணா பண்ணலாம்."

"பண்ணு."

"அக்கா, அது அத்தனையும் பிரச்சினை வந்தப்ப போட்ட மெசேஜ். டெலீட் பண்ணா மேடத்துக்குக் காட்ட என்ன இருக்கும்? வெறும் ரூம்தான் இருக்கும்."

அதுவும் சரிதான். ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன், உடனே எழுந்தேன். ஜன்னலுக்கு வெளியே லாரி ஒன்று பின்வாங்க முடியாமல் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. எனக்கு அதன்மேலும் கோபம் வந்தது.

ரியா எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள். பக்கத்திலேயே நான் நிற்கும்போது எதற்கு என்று பார்த்தால், விஷயத்தைக் கண்ணுக்குக் காட்டுவதற்காம். அட்மின் பக்கத்தில் அந்தப் பெயரைத் தேடி, திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அப்படி ஒரு பெயர் இல்லை என்று வந்தது.

"இப்ப அந்தப் பேரு காலியா இருக்குக்கா. காலியா இருக்கற பேருல யாரு வேணா புதுசா படம் ஏத்தலாம். ஏத்துனா பழைய மெசேஜ்ல எல்லாம் அந்தப் படம்தான் வரும். செய்தியில இருக்கறது எழுத்து மட்டும்தான். படத்த அது ஒவ்வொரு தடவையும் பேர வச்சித் தேடி எடுக்குது."

"யாரு வேணாவா?"

"யாரு வேணா. நம்ம ஆபீஸ்ல எல்லாருக்கும் ஏத்தற உரிமை குடுத்து வச்சிருக்காங்க."

சொல்லி வாய் மூடவில்லை, சேனலில் ஜெகன் எழுதினான்: 'அருளு எடம் காலி. குரங்கு படம் போட்லாமா, கழுத படம் போட்லாமா?' அதற்குக் கீழே மூன்று பேர் கை தூக்கியிருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? என் பெயரில் குரங்கு வந்தால் எத்தனை இடத்தில் வரும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. அழவே அழாத எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. உதட்டைக் கடித்து விழுங்கினேன். இவர்கள் சொன்னதை நானே உண்மையாக்கிவிடக் கூடாது.

"நான் ஏத்தறேன்" என்றேன். "சீக்கிரம். என்ன படம்?"

"ஒண்ணுமே இல்லாத படம் ஏத்தலாம்கா. ஊடுருவித் தெரியற மாதிரி. எதுவும் இல்லாத மாதிரி இருக்கும். ஆனா மேல சுட்டிய வச்சா பேரு வரும். போன் நோட்டிபிகேஷன்லயும் பேருதான் எழுத்தா வரும்."

ஒரு நிமிடம் அதுதான் சரி என்று பட்டது. காணாமல் போய்விடலாம். பிறகு எரிச்சல் வந்தது. அவன் ஏற்றிய முகத்துக்காக நான் எதற்குக் காணாமல் போக வேண்டும்?

"என் மூஞ்சியவே போடறேன்" என்றேன்.

போனைத் திருப்பிப் பிடித்துப் படம் எடுத்தேன். சிரித்துப் பார்த்தேன், பற்பசை விளம்பரம் போல இருந்தது. சும்மா பார்த்தேன், ரேஷன் கார்டில் இருப்பது போல இருந்தது. கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்கினேன், பேயைப் பார்த்தவள் போல இருந்தது. "அக்கா, சீக்கிரம், ஜெகன் டைப் பண்ணிட்டு இருக்காரு" என்று ரியா அவசரப்படுத்தினாள். நான் "இருடி!" என்று அவள் பக்கம் பார்த்தபோது விரல் பட்டு இன்னொரு படம் விழுந்தது.

அது நன்றாக இருந்தது. நேராக, கொஞ்சம் கோபமாக, 'சொல்லு, என்ன விஷயம்' என்று கேட்கிற முகம். வீட்டில் கேஸ் சிலிண்டர்காரரிடம் நான் பேசும் முகம். என்னைத் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதுதான் அருள்செல்வி என்பார்கள்.

ரியா அதைச் சதுரமாக வெட்டி, பின்னணியை நீக்கி, அளவைக் குறைத்தாள். பெயர்ப் பெட்டியில் நானே அடித்தேன். அழுகை என்ற சொல்லை மாற்ற முடியாதே என்று அடிக்கும்போது உறுத்தியது. மாற்றினால் பழைய செய்திகளுக்கு அந்தப் பெயர் பொருந்தாது, அவை எழுத்தாகவே நிற்கும். ஆனது ஆகட்டும் என்று சேமித்தேன். அடுத்த விநாடி ஜெகன் சேனலில் போட்டான்: 'அய்ய! பேரு ஏற்கனவே கீதுன்னு சொல்லுது.' அவன் கையில் குரங்கு தயாராக இருந்திருக்கிறது.

மேலே வந்து சேனலைப் புதுப்பித்தேன். இரண்டு வருடத்துச் செய்திகளிலும் முகம் மாறியிருந்தது. மாறியதைப் பார்த்தபோது பயம் குறையவில்லை, வேறு மாதிரியாயிற்று. அழுகை போய்விட்டது, சரி. ஆனால் இப்போது ஒவ்வொரு பிரச்சினையின் பக்கத்திலும் ஒரு பெண் முறைத்துக்கொண்டு நிற்கிறாள். இதைப் பார்த்து மேடம் என்ன நினைப்பார்? சிடுமூஞ்சி என்றா?

மதியச் சாப்பாடு இறங்கவில்லை. தயிர்சாதத்தைக் கிளறிவிட்டு மூடினேன். கிருபாகரன் சார் என் மேசைப் பக்கம் வந்து, "அருள், மேடம் முன்னாடி டென்ஷன் ஆகாதம்மா" என்றார். டென்ஷன் ஆகிறவளிடம் அப்படிச் சொல்பவரைக் கடவுள்தான் மன்னிக்க வேண்டும். "சரி சார்" என்றேன்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்பே ஹேமாவதி மேடம் வந்துவிட்டார். பருத்திப் புடவை, கழுத்தில் மருத்துவமனை அடையாள அட்டை, கையில் சொந்த லேப்டாப். காபி வேண்டாம் என்றார். மீட்டிங் அறையில் சார், ஜெகன், நான். ரியா வந்து மேடத்துக்கு விருந்தினர் கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனாள்.

சார் சுவரில் இருந்த திரையில் ஸ்லைடு போட்டுப் பேச ஆரம்பித்தார். மேடம் தலையாட்டினாரே தவிர ஸ்லைடைப் பார்க்கவில்லை. அவர் கண் லேப்டாப்பில் இருந்தது. விரல் மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்தது. நான் எதிரே உட்கார்ந்து அந்த விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கும், தள்ளும், மறுபடி நிற்கும். ஒரு செய்தியின் கீழே இருந்த பதில்களைத் திறந்து படித்தார். மூடினார். இன்னொன்றைத் திறந்தார். காலுக்கடியில் என் செருப்பு தன்பாட்டுக்குத் தாளம் போட்டது.

"ஒரு நிமிஷம் சார்" என்றார். சார் பேச்சை நிறுத்தினார்.

மேடம் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார். கிருபாகரன் சார் எப்போதோ எழுதிய செய்தி ஒன்று: 'ராத்திரி மருந்து ஸ்டாக் தப்பாகக் காட்டுகிறது. யார் பார்க்கிறீர்கள்?' அதற்குக் கீழே ஒன்பது பேர் அன்று கேலியாகப் போட்ட எதிர்வினை. இப்போது அங்கே கோபமாக, நேராகப் பார்க்கிற முகமும் ஒன்பது என்ற எண்ணும் இருந்தன.

"எங்க பிரச்சினை வந்தாலும் இந்தப் படம் இருக்கு" என்றார் மேடம். "யாரு பாக்கறீங்கன்னு கேட்டா ஒம்போது பேரும் இவங்களத்தான் கை காட்டறாங்க. யாரு இது?"

சாரின் முகம் ஒரு மாதிரி ஆனது. "அது வந்து மேடம், பசங்க சும்மா ஜோக்குக்கு..."

ஜெகன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் கை காட்டவில்லை, கேலி செய்தார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ராத்திரி ஸ்டாக்கைச் சரி செய்தது யார் என்பதும் எனக்குத் தெரியும். கேலியாக அந்தப் படத்தை ஒட்டிவிட்டு எல்லோரும் தூங்கப் போன பிறகு, அதன் கீழேயே பதில் எழுதி, குறையைத் தேடிப் பிடித்து, முடித்தது நான். அந்த ஒன்று மட்டுமல்ல. இரண்டு வருடமாக என் முகத்தை எங்கெல்லாம் ஒட்டினார்களோ அங்கெல்லாம் கீழே என் வேலை இருந்தது. ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. இந்த அம்மா திறந்து பார்த்திருக்கிறார். குரல் சுத்தமாக வந்தது.

"நான்தான் மேடம்" என்றேன்.

அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆமா, நீங்கதான். இந்த ஸ்டாக் விஷயம் நீங்க சரி பண்ணதா?"

"ஆமா மேடம்."

"நான் இப்ப ஒரு ஆறேழு பாத்தேன். அதுல பாதி நீங்க பண்ணதுன்னு வச்சிக்கலாமா?"

"பாதி நான் பண்ணேன் மேடம்."

"மீதி?"

கிருபாகரன் சார் வாயைத் திறந்தார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். திரையில் இருந்த அதே பார்வைதான் போலிருக்கிறது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

"மீதியும் நான்தான்" என்றேன்.